எட்டுச் சீட்டில் மெர்ஜ் சார்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மெர்ஜ் சார்ட் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கலைந்து கிடக்கும் சீட்டுகளை இரண்டு பாதியாகப் பிரிக்கிறோம். ஒவ்வொரு பாதியையும் தனித்தனியாக வரிசைப்படுத்துகிறோம். பிறகு, வரிசையான அந்த இரண்டு பாதிகளையும் ஒரே வரிசையாகச் சேர்க்கிறோம். அவ்வளவுதான்.

பாதியை எப்படி வரிசைப்படுத்துவது? அதே முறையில்தான். அதையும் இரண்டாகப் பிரித்து, வரிசைப்படுத்தி, சேர்க்க வேண்டும். இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் கையில் ஒற்றைச் சீட்டுதான் இருக்கும். ஒற்றைச் சீட்டை வரிசைப்படுத்த ஒன்றுமில்லை. அங்கே பிரிப்பது நின்று சேர்ப்பது தொடங்குகிறது.

பாடங்களில் பெரும்பாலும் பிரிப்பதைத்தான் முதலில் படம் போட்டுக் காட்டுவார்கள். இங்கே சேர்ப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். பிரிக்கும்போது எந்த எண்ணும் எந்த எண்ணோடும் ஒப்பிடப்படுவதில்லை. வரிசை உருவாவது முழுக்கச் சேர்க்கும்போதுதான். அது பிடிபட்டுவிட்டால் மீதியெல்லாம் தானாக வரும்.

செய்து பார்க்க என்ன வேண்டும்?

எண் எழுதிய எட்டுச் சீட்டு. தினசரி காலண்டரில் கிழித்த தாள்கள் இதற்கு மிகவும் வசதி. எண் பெரிதாக அச்சாகியிருக்கும், தூரத்திலிருந்தே தெரியும். மாதப் பெயரும் இருப்பது பின்னால் ஒரு கேள்விக்கு உதவும். இந்தப் பக்கம் முழுக்க ஜனவரி மாதத்தின் இந்த எட்டுத் தாள்களையே வைத்துக்கொள்வோம், இதே வரிசையில்:

14, 5, 23, 9, 31, 2, 18, 11

மேசையிலோ தரையிலோ இரண்டு வரிசை பரப்ப இடம் இருக்கட்டும். ஒரே வரிசைக்கு மட்டும் இடம் இருந்தால் ஏன் திணறுவோம் என்பதையும் பிறகு பார்க்கலாம்.

வரிசையான இரண்டு கட்டுகளை ஒன்றாகச் சேர்ப்பது எப்படி?

எட்டில் நான்கு சீட்டுகள் ஏற்கெனவே வரிசையாகி இடப்பக்கம் ஒரு கட்டாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள்: 5, 9, 14, 23. மற்ற நான்கும் வலப்பக்கம்: 2, 11, 18, 31. இரண்டு கட்டிலும் எண் தெரியும்படி, சிறியது மேலே இருக்க வேண்டும்.

விதி ஒன்றே ஒன்று. இரண்டு கட்டின் மேல் சீட்டுகளையும் பாருங்கள். சிறியதை எடுத்துக் கீழே வரிசையில் வையுங்கள். மறுபடியும் அதையே செய்யுங்கள்.

முதலில் மேலே தெரிவது 5, 2. சிறியது 2, அதை எடுத்து வைக்கிறோம். வலக்கட்டில் இப்போது 11 மேலே வந்துவிட்டது. 5, 11 இரண்டில் 5 போகிறது. இடக்கட்டில் 9 தெரிகிறது. 9, 11 இரண்டில் 9. அடுத்து 14, 11 இரண்டில் 11. பிறகு 14, 18 இரண்டில் 14. பிறகு 23, 18 இரண்டில் 18. பிறகு 23, 31 இரண்டில் 23. இடக்கட்டு தீர்ந்துவிட்டது. வலக்கட்டில் 31 மட்டும் இருக்கிறது. அதை ஒப்பிட ஆள் இல்லை, அப்படியே கடைசியில் வைத்துவிடலாம்.

கீழே இருக்கும் வரிசை: 2, 5, 9, 11, 14, 18, 23, 31. எட்டுச் சீட்டுக்கும் சேர்த்து ஏழே ஏழு முறைதான் இரண்டு எண்களை ஒப்பிட்டோம்.

மேல் சீட்டை மட்டும் பார்த்தால் போதுமா? உள்ளே இன்னும் சிறிய எண் ஒளிந்திருந்தால்?

இருக்கவே முடியாது. ஒவ்வொரு கட்டும் ஏற்கெனவே வரிசையாக இருப்பதால், அதன் மேல் சீட்டுதான் அந்தக் கட்டிலேயே சிறியது. ஆகவே மிச்சமுள்ள எல்லாச் சீட்டுகளிலும் சிறியது எதுவோ, அது இரண்டு மேல் சீட்டுகளில் ஒன்றாகத்தான் இருக்கும். நூறு நூறு சீட்டு உள்ள இரண்டு கட்டுகள் என்றாலும் பார்க்க வேண்டியது இரண்டே சீட்டுதான்.

இந்த நம்பிக்கை முழுக்க 'இரண்டு கட்டும் வரிசையானவை' என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறது. அதை உடைத்துப் பாருங்கள். இடக்கட்டை 14, 5, 23, 9 என்று கலைந்த நிலையிலேயே வைத்து, வலக்கட்டு 2, 11, 18, 31 உடன் இதே விதிப்படி சேர்த்தால் 2, 11, 14, 5, 18, 23, 9, 31 என்று வரும். விதியில் ஒரு பிசகும் செய்யவில்லை. ஆனால் 14 மேலே உட்கார்ந்திருந்ததால் அடியில் இருந்த 5 கண்ணுக்குப் படவே இல்லை. இதை ஒரு முறை கையால் செய்து பார்ப்பது நல்லது. சேர்ப்பதற்கு முன் இரண்டு பாதியும் வரிசையாகியே ஆக வேண்டும் என்பது அப்போதுதான் மனதில் பதியும்.

சரி, ஆனால் ஆரம்பத்தில் எதுவுமே வரிசையாக இல்லையே? அந்த வரிசையான கட்டு எங்கிருந்து வருகிறது?

ஒற்றைச் சீட்டுகளிலிருந்து வருகிறது. 14 என்ற ஒரே சீட்டு உள்ள கட்டு வரிசையான கட்டுதான். 5 மட்டும் உள்ள கட்டும் அப்படியே. இந்த இரண்டையும் மேலே சொன்ன அதே விதிப்படி சேர்த்தால் 5, 14 என்ற இரண்டு சீட்டுக் கட்டு கிடைக்கிறது.

நம் எட்டுச் சீட்டையும் இப்படிப் பிரிக்கலாம்:

```
14 5 23 9 31 2 18 11
14 5 23 9 | 31 2 18 11
14 5 | 23 9 | 31 2 | 18 11
14 | 5 | 23 | 9 | 31 | 2 | 18 | 11
```

நான்காவது வரிக்கு வந்தாயிற்று, எண்களின் வரிசையில் இதுவரை எந்த மாற்றமும் இல்லை. கோடுகள் மட்டும்தான் விழுந்திருக்கின்றன. இனி மேல்நோக்கிச் சேர்க்கிறோம்:

```
5 14 | 9 23 | 2 31 | 11 18
5 9 14 23 | 2 11 18 31
2 5 9 11 14 18 23 31
```

நடுவரியில் 5, 14 என்ற கட்டும் 9, 23 என்ற கட்டும் சேர்வதைக் கொஞ்சம் கவனியுங்கள். 5, 9 இரண்டில் 5. 14, 9 இரண்டில் 9. 14, 23 இரண்டில் 14. மிச்சம் 23. இரண்டு கட்டிலிருந்தும் மாறி மாறிச் சீட்டு வருகிறது. 'இடக்கட்டு முழுவதும் முதலில், வலக்கட்டு பிறகு' என்று எந்த ஏற்பாடும் கிடையாது. இரண்டு பாதியையும் வரிசைப்படுத்தி ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டினால் போதும் என்று புரிந்துகொண்டால் 5, 9, 14, 23, 2, 11, 18, 31 என்றுதான் கிடைக்கும். ஒட்டுவது வேறு, சேர்ப்பது வேறு.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் வரிவரியாகச் செய்கிறதா?

ஒரு ஃபங்ஷன் தன்னையே திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளும் வழக்கமான ரிகர்ஷன் முறையில் எழுதினால், இல்லை. ஆரம்பத்தில் படிப்பவர்களைக் குழப்புவது பெரும்பாலும் இந்த இடம்தான். மேலே உள்ள படம் எட்டுச் சீட்டும் ஒரே நேரத்தில் பிரிவதுபோலவும், நான்கு ஜோடியும் ஒரே நேரத்தில் சேர்வதுபோலவும் காட்டுகிறது. புரோகிராம் அப்படி ஓடுவதில்லை. அது இடப்பாதியை முழுவதுமாக முடித்த பிறகுதான் வலப்பாதியைத் தொடும்.

சீட்டை வைத்தே சொல்கிறேன். எட்டைப் பிரித்ததும் 31, 2, 18, 11 என்ற வலப்பாதியைத் தள்ளி வைத்துவிடுங்கள். இடது நான்கைப் பிரித்ததும் 23, 9 இரண்டையும் தள்ளி வைத்துவிடுங்கள். கையில் இருப்பது 14, 5. அதையும் பிரித்தால் ஒற்றைச் சீட்டுகள். உடனே சேர்க்கிறோம்: 5, 14. இப்போது தள்ளி வைத்ததில் கடைசியாக வைத்ததை, அதாவது 23, 9 இரண்டையும் எடுத்துப் பிரித்துச் சேர்க்கிறோம்: 9, 23. இரண்டு ஜோடியும் தயார், அவற்றைச் சேர்த்து 5, 9, 14, 23 ஆக்குகிறோம். இவ்வளவும் முடியும்வரை 31 என்ற சீட்டை யாரும் தொடவில்லை. இதற்குப் பிறகுதான் வலப்பாதியின் முறை வருகிறது.

முடிவு எப்படிச் செய்தாலும் ஒன்றுதான், மொத்தம் ஏழு முறை சேர்ப்பதும் ஒன்றுதான். எதற்குப் பின் எது என்ற முறைதான் மாறுகிறது.

வரிவரியாகவே செய்யும் வகையும் உண்டு. அதில் பிரிக்கும் வேலையே கிடையாது. எட்டுச் சீட்டையும் ஒற்றைக் கட்டுகளாகப் பாவித்து, முதலில் இரண்டிரண்டாக, அப்புறம் நான்கு நான்காக, அப்புறம் எட்டாகச் சேர்த்துக்கொண்டு போவார்கள். ரிகர்ஷன் பழகாதவர்கள் முதலில் இதைச் செய்து பார்த்தால் எளிதாக இருக்கும்.

சீட்டுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால்?

ஒன்றும் ஆகாது. ஏழு சீட்டு என்றால் மூன்று, நான்கு என்று பிரியுங்கள். மூன்று என்றால் ஒன்று, இரண்டு. பாதிகள் சரிசமமாக இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. சேர்க்கும் விதி கட்டின் உயரத்தைப் பார்ப்பதே இல்லை.

மொத்தம் எத்தனை ஒப்பீடு ஆகிறது? இது வேகமானது என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நம் எட்டுச் சீட்டில் எண்ணிவிடலாம். ஒற்றைச் சீட்டுகள் ஜோடியாகும்போது நான்கு முறை சேர்க்கிறோம், ஒவ்வொன்றிலும் 1 ஒப்பீடு. ஆக 4. ஜோடிகள் நான்காகும்போது இரண்டு முறை சேர்க்கிறோம், ஒவ்வொன்றிலும் 3. ஆக 6. கடைசியில் 7. கூட்டினால் 17.

இதே எட்டை, ஒவ்வொரு சீட்டையும் மற்ற எல்லாச் சீட்டோடும் ஒப்பிட்டு வரிசைப்படுத்தினால் 28 ஒப்பீடு ஆகும். 28க்கும் 17க்கும் பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம். எட்டுச் சீட்டில் அது உண்மைதான். சீட்டு கூடக்கூட இரண்டும் எப்படி வளர்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

சேர்க்கும் படத்தில் எத்தனை வரி இருக்கிறது என்று பாருங்கள். எட்டுச் சீட்டுக்கு மூன்று வரி. ஒவ்வொரு வரியிலும் ஒரு சீட்டு ஒரே ஒரு முறைதான் எடுத்து வைக்கப்படுகிறது, ஆகவே ஒரு வரிக்கு எட்டு வைப்பு, மொத்தம் 24. சீட்டு 16 ஆனால் வரி எத்தனை? நான்குதான். சீட்டு இரட்டிப்பானால் ஒரே ஒரு வரி கூடுகிறது. ஏனென்றால் ஒவ்வொரு வரியிலும் கட்டின் அளவு இரட்டிப்பாகிறது. 1024 சீட்டுக்கு வரி 10. பத்து லட்சத்தைக் கொஞ்சம் தாண்டிய 10,48,576 சீட்டுக்கும் வரி 20தான்.

ஒரு வரிக்கு ஆகும் ஒப்பீடு சீட்டுகளின் எண்ணிக்கையைத் தாண்டாது. ஆகவே சீட்டுகளின் எண்ணிக்கையை வரிகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் மேல் வரம்பு கிடைத்துவிடும். புத்தகங்களில் `O(n log n)` என்று எழுதுவது இதைத்தான். `n` சீட்டுகளின் எண்ணிக்கை, `log n` வரிகளின் எண்ணிக்கை. 1024 சீட்டுக்குத் துல்லியமாகக் கணக்குப் போட்டால், மிக மோசமான நிலையிலும் மெர்ஜ் சார்ட்டுக்கு 9,217 ஒப்பீடுகள் ஆகும். எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் 5,23,776.

சீட்டுகள் ஏற்கெனவே வரிசையாக இருந்தால் வேலை குறையுமா?

குறையும், ஆனால் எதிர்பார்க்கும் அளவுக்குக் குறையாது. 2, 5, 9, 11, 14, 18, 23, 31 என்று வரிசையாகவே கொடுத்துப் பாருங்கள். கடைசிச் சேர்ப்பில் 2, 5, 9, 11 என்ற நான்கும் 14 உடன் ஒப்பிடப்பட்டு நான்கே ஒப்பீட்டில் இடக்கட்டு தீர்ந்துவிடும். மீதி நான்கு அப்படியே வந்து உட்காரும். மொத்தக் கணக்கு 4 + 4 + 4, அதாவது 12. நேர்மாறாக, பெரியது முதல் சிறியது வரை தலைகீழாகக் கொடுத்தாலும் இதே 12தான். எட்டுச் சீட்டை எப்படிக் கலைத்துக் கொடுத்தாலும் ஒப்பீடு 12க்குக் கீழே போகாது, 17ஐத் தாண்டாது. நாம் எடுத்த வரிசை மிக மோசமான நிலை.

எனக்கு இந்த முறையில் பிடித்ததே இந்தக் குறுகிய இடைவெளிதான். எப்படிப்பட்ட கலைப்பு வந்தாலும் நேரம் திடீரென்று எகிறாது. குவிக் சார்ட் என்ற இன்னொரு முறை, ஓர் எண்ணை நடுவில் வைத்து அதைவிடச் சிறியவற்றை ஒரு பக்கமும் பெரியவற்றை மறுபக்கமும் பிரிக்கும். அது பொதுவாக வேகமானது என்றாலும், அந்த நடு எண்ணைச் சரியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால், வரிசையாக இருக்கும் சீட்டுகளிலேயே அது மோசமாகத் திணறிவிடும்.

எடுத்து வைப்பது மட்டும் குறையவே இல்லை என்பதையும் கவனியுங்கள். வரிசையாக இருந்தாலும் அந்த 24 வைப்பும் நடந்தே தீரும்.

ஒரே எண் இரண்டு சீட்டில் வந்தால் எதை முதலில் எடுப்பது?

இடக்கட்டில் இருப்பதை. இது ஏதோ ஒன்றை எடுத்தால் சரி என்று விட்டுவிடக்கூடிய விஷயம் இல்லை.

பிப்ரவரி 9 தாளையும் கட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். சேர்க்கும்போது இடக்கட்டின் மேலே ஜனவரி 9, வலக்கட்டின் மேலே பிப்ரவரி 9 என்று இருக்கட்டும். எண் இரண்டும் சமம். இடப்பக்கத்தை எடுத்தால் ஜனவரி முதலில், பிப்ரவரி அடுத்து. முதலில் எந்த முறையில் இருந்தனவோ அதே முறையில் நிற்கும். வலப்பக்கத்தை எடுத்தால் மாதம் தலைகீழாகிவிடும். எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டு விடையும் ஒன்றுபோலவே தெரியும், மாதப் பெயரைப் பார்த்தால்தான் தவறு தெரியும்.

சமமானவை தங்களுக்குள் பழைய முறையை விடாமல் இருப்பதை நிலைத்த வரிசையாக்கம் என்பார்கள். வகுப்பின் பட்டியலைப் பெயர் வரிசையில் வைத்திருக்கிறீர்கள், இப்போது மதிப்பெண் வரிசையில் மாற்றுகிறீர்கள் என்றால், ஒரே மதிப்பெண் வாங்கியவர்கள் தங்களுக்குள் பெயர் வரிசையிலேயே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். அதற்கு இதுதான் தேவை. புரோகிராமில் இது ஒரே ஒரு குறியில் அடங்கியிருக்கிறது: `<=` என்று எழுதினால் நிலைக்கும், `<` என்று எழுதினால் குலையும்.

பைத்தானில் எப்படி எழுதுவது?

```python
def merge(a, b):
    out = []
    i = j = 0
    while i < len(a) and j < len(b):
        if a[i] <= b[j]:
            out.append(a[i])
            i += 1
        else:
            out.append(b[j])
            j += 1
    return out + a[i:] + b[j:]

def merge_sort(cards):
    if len(cards) <= 1:
        return cards
    mid = len(cards) // 2
    left = merge_sort(cards[:mid])
    right = merge_sort(cards[mid:])
    return merge(left, right)

print(merge_sort([14, 5, 23, 9, 31, 2, 18, 11]))
```

`a` இடக்கட்டு, `b` வலக்கட்டு. `i`, `j` இரண்டும் அந்தந்தக் கட்டில் இப்போது எந்தச் சீட்டு மேலே இருக்கிறது என்பதைக் காட்டுகின்றன. சீட்டை உண்மையில் உருவி எடுப்பதற்குப் பதிலாக, விரலை அடுத்த சீட்டுக்கு நகர்த்துகிறோம். `out` கீழே வைக்கும் வரிசை. கடைசி `return` வரியில் வரும் `a[i:] + b[j:]` தீராமல் மிஞ்சிய கட்டு. இரண்டில் ஒன்று எப்போதும் காலியாகத்தான் இருக்கும், ஆகவே இரண்டையும் ஒட்டுவதில் சிக்கல் இல்லை.

`merge` ஃபங்ஷனின் முதல் வரியாக `print(a, b)` என்று சேர்த்து ஓட்டிப் பாருங்கள். கையால் செய்த அதே ஏழு சேர்ப்புகளும் அதே முறையில் வரும்:

```
[14] [5]
[23] [9]
[5, 14] [9, 23]
[31] [2]
[18] [11]
[2, 31] [11, 18]
[5, 9, 14, 23] [2, 11, 18, 31]
```

நான்காவது வரியில்தான் 31 முதன்முதலாக வருகிறது. இடப்பாதி முழுவதும் முடிந்த பிறகே வலப்பாதி என்று சொன்னது இதுதான்.

எட்டு எண் கொடுத்தேன், விடையில் `[2]` மட்டும் வருகிறது. மீதி எங்கே போயின?

மிஞ்சிய கட்டைச் சேர்க்காமல் `return out` என்று மட்டும் எழுதியிருப்பீர்கள். அப்படி எழுதினால் 14, 5 இரண்டையும் சேர்க்கும்போது 5 மட்டும் `out`க்குள் போகும், 14 அங்கேயே தொலைந்துவிடும். அதுபோலவே 23, 31, 18 மூன்றும் போய்விடும். அடுத்த வரியில் 5, 9 இரண்டில் 5 மட்டும் பிழைக்கும், 2, 11 இரண்டில் 2 மட்டும். கடைசியில் 5, 2 இரண்டில் 2. ஒவ்வொரு வரியிலும் பாதி தொலைந்து ஒற்றைச் சீட்டு மிஞ்சுகிறது.

இந்த மாதிரி தவறுகளைப் பிடிக்க ஒரு நல்ல சோதனை: கொடுத்த லிஸ்டின் நீளமும் விடையின் நீளமும் ஒன்றா என்று பாருங்கள். வரிசையாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் `[2]` என்பதும் வரிசையாகத்தான் இருக்கிறது, சோதனையில் தேறிவிடும்.

`RecursionError: maximum recursion depth exceeded` என்று வருகிறது, ஏன்?

நிறுத்தும் இடம் தவறு. `len(cards) <= 1` என்பதற்குப் பதில் `len(cards) == 0` என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஒரே சீட்டு இருக்கும்போது `mid` என்பது 0 ஆகிறது. இடப்பாதி காலி, வலப்பாதியில் அதே ஒற்றைச் சீட்டு. அதைப் பிரித்தால் மறுபடியும் காலி, அதே ஒற்றைச் சீட்டு. முடிவே இல்லை.

சரியாக எழுதிய மெர்ஜ் சார்ட்டில் இந்தப் பிழை வர வாய்ப்பே இல்லை என்று சொல்லிவிடலாம். பைத்தானின் வழக்கமான ஆழ வரம்பு 1000. பத்து லட்சம் எண்களுக்கே ஆழம் 20ஐ ஒட்டித்தான் இருக்கும். ஆகவே இந்தப் பிழை வந்தால் வரம்பைக் கூட்டப் போகாதீர்கள், நிறுத்தும் நிபந்தனையைப் பாருங்கள்.

`merge_sort(cards)` என்று கூப்பிட்டேன், ஆனால் `cards` மாறவே இல்லையே?

மேலே உள்ள நிரல் புதிய லிஸ்ட் ஒன்றைத் தருகிறது, பழையதைத் தொடுவதில்லை. `cards = merge_sort(cards)` என்று வாங்கிக்கொள்ளுங்கள்.

மேசையில் இரண்டாவது வரிசைக்கு இடம் எதற்கு? இருக்கும் இடத்திலேயே சேர்க்க முடியாதா?

முயன்று பாருங்கள். 5, 9, 14, 23, 2, 11, 18, 31 என்று ஒரே வரிசையில் இருக்கின்றன. முதல் நான்கு ஒரு கட்டு, அடுத்த நான்கு ஒரு கட்டு. சிறியது 2, அதை முதலிடத்தில் வைக்க வேண்டும். ஆனால் அங்கே 5 இருக்கிறது. 5, 9, 14, 23 நான்கையும் ஒவ்வோர் இடம் வலப்பக்கம் தள்ளினால்தான் 2க்கு இடம் கிடைக்கும். அடுத்து 5, 9 இரண்டும் சரியான இடத்தில் இருக்கின்றன. 11 வர வேண்டிய இடத்தில் 14. மறுபடியும் 14, 23 இரண்டையும் தள்ள வேண்டும். எட்டுச் சீட்டுக்குப் பரவாயில்லை. ஆயிரம் சீட்டில் ஒரு சீட்டை நுழைக்க நூற்றுக்கணக்கில் தள்ள வேண்டியிருக்கும். அப்போது ஒப்பீட்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் தள்ளுவதிலேயே போய்விடும்.

அதனால்தான் சீட்டுகளின் எண்ணிக்கை அளவுக்கு இன்னொரு வரிசை இடம் எடுத்துக்கொள்கிறோம். கம்ப்யூட்டரில் அது கூடுதல் மெமரி. இந்த முறைக்கு உள்ள உண்மையான குறை இதுதான். கூடுதல் இடமில்லாமல் சேர்க்கும் நுட்பங்கள் இருக்கின்றன, ஆனால் அவை சிக்கலானவை, பொதுவாக மெதுவானவை. தரவு லிங்க்டு லிஸ்டாக இருந்தால் இந்தக் குறை பெருமளவு தீர்ந்துவிடும். அங்கே சீட்டை நகர்த்த வேண்டாம், அடுத்தது எது என்ற இணைப்பை மாற்றினால் போதும்.

இது எப்போது வந்தது? இன்றைக்கும் பயன்படுகிறதா?

ஜான் வான் நியூமன் 1945இல், அப்போது இன்னும் கட்டி முடிக்கப்படாத எட்வாக் என்ற கம்ப்யூட்டருக்காக இந்த முறையில் புரோகிராம் எழுதினார். ஆனால் வரிசையான இரண்டு கட்டுகளைச் சேர்க்கும் வேலையை அதற்கு முன்பே இயந்திரங்கள் செய்துகொண்டிருந்தன. 1930களின் பிற்பகுதியில் ஐபிஎம் நிறுவனத்தின் கொலேட்டர் இயந்திரம் துளையிட்ட அட்டைகளின் இரண்டு கட்டுகளை வாங்கி, இரண்டிலும் முன்னால் நிற்கும் அட்டைகளை ஒப்பிட்டு, ஒரே கட்டாகச் சேர்த்துத் தரும். காலண்டர் தாளில் நாம் செய்ததேதான்.

பிறகு காந்த நாடாக்கள் வந்தபோது இந்த முறை இன்னும் பொருந்திப்போனது. நாடாவில் முன்னும் பின்னும் தாவித் தேட முடியாது, வரிசையாகப் படிக்கத்தான் வசதி. சேர்ப்பதற்கு முன்னால் நிற்பது மட்டும் தெரிந்தால் போதுமே. இன்றும் மெமரியில் அடங்காத பெரிய ஃபைலை வரிசைப்படுத்த இதுதான் வழக்கமான வழி. அடங்கும் அளவுக்குத் துண்டு துண்டாக எடுத்து வரிசைப்படுத்தி, தனித்தனி ஃபைலில் எழுதி, கடைசியில் சேர்ப்பார்கள். லினக்ஸில் `sort` கட்டளைக்குப் பெரிய ஃபைலைக் கொடுத்தால் அது தற்காலிக ஃபைல்களை உருவாக்குவது இதற்காகத்தான்.

எட்டே எட்டுச் சீட்டுக்கு இவ்வளவு தேவையா? கையில் பிடித்துச் செருகினாலே முடிந்துவிடுமே?

முடிந்துவிடும். எட்டுச் சீட்டு என்றால் செருகி அடுக்குவதுதான் கைக்கு வசதி. பிரிப்பது, தள்ளி வைப்பது, இன்னொரு வரிசை பரப்புவது எல்லாம் சிறிய கட்டுக்குக் கூடுதல் சுமைதான். கம்ப்யூட்டரிலும் அப்படியே. ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்புக்கும் புதிய லிஸ்டுக்கும் நேரம் ஆகும், சில டஜன் எண்களுக்குள் அந்தச் செலவு கிடைக்கும் மிச்சத்தையே சாப்பிட்டுவிடும்.

அதனால் நடைமுறையில் இரண்டையும் கலந்துதான் வைத்திருக்கிறார்கள். பைத்தானின் `sorted()` உள்ளே ஓடுவது டிம் பீட்டர்ஸ் 2002இல் எழுதிய டிம்சார்ட்டின் வழி வந்தது. அது ஒற்றைச் சீட்டு வரை பிரிக்கப் போவதில்லை. கொடுத்த லிஸ்டில் ஏற்கெனவே வரிசையாக இருக்கும் தொடர்களை முதலில் தேடும். தொடர் மிகவும் குட்டையாக இருந்தால், பக்கத்தில் உள்ளவற்றைச் செருகிச் செருகி அதை நீட்டிக்கொள்ளும். இப்படிக் கிடைத்த தொடர்களை மெர்ஜ் சார்ட்டின் விதிப்படி சேர்க்கும். லிஸ்ட் முழுவதும் ஏற்கெனவே வரிசையாக இருந்தால் தொடர் ஒன்றே ஒன்றுதான், சேர்க்க எதுவும் இல்லை. வரிசையாகக் கொடுத்த நம் எட்டுச் சீட்டுக்கு 12 ஒப்பீடு ஆனதே, அங்கே அது 7லேயே முடிந்துவிடும்.